ஒரு வாரப் பதிவுகளை ஒரே நாளில் குறித்து வைப்பது: பட்டர்வொர்த் பேக்கரி ஒன்றின் முதல் வாரம்

பினாங்கு மாநிலத்தின் பட்டர்வொர்த்தில் அக்கா பேக்கரி நடத்துகிறார். விடியற்காலை மூன்றரைக்கு மாவு பிசையத் தொடங்கினால் ஒன்பது மணி வரை கை ஓயாது. பிறை தொழிற்சாலைகளுக்குப் போகிறவர்கள் பேருந்துக்குக் காத்திருக்கும்போது கைப்பேசியைப் பார்ப்பது ஆறேகாலுக்கு. அந்த நேரத்தில் அக்காவின் இரண்டு கையிலும் மாவு ஒட்டியிருக்கும். "இன்னிக்கு முட்டையில்லாத பன் இருக்கு" என்று அவர் பதிவு போடும்போது மணி பத்தரை ஆகிவிடும். வாங்க வேண்டியவர்கள் அதற்குள் வேறு கடையில் பசியாறியிருப்பார்கள்.

புரட்டாசி மாதம் பிறந்ததும் இது பெரிய தொல்லையானது. முட்டையில்லாத கேக் ஆண்டிலேயே அதிகம் கேட்கப்படும் மாதம் அது. "வாரம் முழுசுக்கும் ஒரே நாள்ல போட்டு வெச்சிடலாமாமே, எனக்குச் சொல்லிக் கொடு" என்றார் அக்கா. கடைக்குத் திங்கட்கிழமை விடுமுறை. அந்த மதியம் கடையின் பின்கட்டில் உட்கார்ந்து நாங்கள் செய்ததைச் செய்த வரிசையிலேயே எழுதுகிறேன். முகநூலும் இன்ஸ்டாகிராமும் வைத்திருக்கும் எந்தச் சின்ன பேக்கரிக்கும் இது பொருந்தும்.

முதலில் அடுப்பின் கணக்கு

அக்கா மடிக்கணினியைத் திறந்தபோது நான் மூடச் சொன்னேன். எந்தப் பதிவு எந்த நாளில் போக வேண்டும் என்பது அடுப்பைப் பொறுத்தது. நேரம் குறித்து வைத்த பதிவு, பொருள் வெந்திருக்கிறதா இல்லையா என்று பார்க்காமல் அந்த நேரத்தில் தானாகவே போய்விடும். ஆகவே நிச்சயமாக நடக்கப்போவதை மட்டும்தான் முன்கூட்டிக் குறிக்கலாம். அது எது என்று தெரிய, விற்கும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும்.

சனிக்கிழமை கேக்கை எடுத்துக்கொண்டோம். வாடிக்கையாளர் சனி காலை எட்டு மணிக்கு வந்து எடுத்துப்போவார். அதற்கு வெள்ளி இரவே கிரீம் பூசி முடித்திருக்க வேண்டும். கேக் நன்றாக ஆறாமல் கிரீம் பூசினால் உருகி வழியும், ஆகவே வெள்ளி மாலை ஐந்துக்குள் எல்லாம் அடுப்பைவிட்டு வெளியே வந்தாக வேண்டும். ரொட்டி வேலை முடிந்து அடுப்பு காலியாவது இரண்டு மணிக்குத்தான். அக்காவின் அடுப்பில் ஒரு கிலோ கேக் தகரம் ஒரு தடவைக்கு நான்கு நிற்கும், வேக ஐம்பது நிமிடம். அந்த மூன்று மணி நேரத்தில் மூன்று தடவை போடலாம். ஆக மொத்தம் 12 கேக். அதற்கு மேல் ஒன்றுகூட முடியாது.

தயிர், கட்டிப்பால், வெண்ணெய், பெட்டிகள் எல்லாவற்றையும் மாமா வியாழன் மாலை வாங்கிவருவார். எத்தனை பெட்டி என்று தெரியாமல் வாங்க முடியாது. எனவே வியாழன் மதியம் இரண்டு மணிக்கு ஆர்டர் முடிய வேண்டும். அப்படியானால் ஆர்டரைத் திறக்கும் பதிவு புதன்கிழமையே போக வேண்டும்.

இதுவரை அக்கா அதை வெள்ளிக்கிழமை காலையில் போட்டுக்கொண்டிருந்தார். "அதான் எல்லாரும் லேட்டா கேக்குறாங்களா!" என்றார். கேட்டவர்கள் தாமதிக்கவில்லை. பதிவுதான் இரண்டு நாள் பிந்திப் போய்க்கொண்டிருந்தது.

புதன்கிழமைக்கு இன்னொரு காரணமும் உண்டு. அக்காவின் வாடிக்கையாளர்களில் கால்வாசிப் பேர் பக்கத்து மாநிலமான கெடாவின் சுங்கைப் பட்டாணி பக்கத்திலிருந்து வருகிறார்கள். கெடாவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். பினாங்குக்காரர் வெள்ளிக்கிழமை நினைப்பதை அவர்கள் வியாழக்கிழமையே நினைப்பார்கள். மாநில எல்லையோரம் கடை வைத்திருப்பவர்கள் இதை மறந்தால் பாதி ஊருக்கு எப்போதும் தாமதமாகவே அழைப்பு போகும்.

தாளில் ஒரு வாரம்

மாவு மூட்டையின் விலைச்சீட்டுக்குப் பின்பக்கத்தில் ஏழு கோடு போட்டோம். செவ்வாய் காலை 6.15க்கு முட்டையில்லாத பன். செவ்வாயும் வெள்ளியும் பலர் சைவம், அக்கா அதை ஒவ்வொரு செவ்வாயும் தவறாமல் சுடுகிறார், ஆகவே நிச்சயம். புதன் இரவு 7.30க்குச் சனிக்கிழமை கேக் ஆர்டர். வியாழன் பகல் 12 மணிக்கு "இன்று இரண்டு மணியோடு முடியும்" என்ற நினைவூட்டல். வெள்ளி மாலைக்கு வெறும் வீடியோ: கறிபாப் ஓரத்தை அக்கா விரலால் மடித்து மடித்துப் பின்னுவது, இருபது விநாடி, விலையும் இல்லை, அழைப்பும் இல்லை. சனி காலை 7 மணிக்கு, எடுக்க வருகிறவர்கள் வண்டியை எங்கே நிறுத்தலாம் என்பது. ஞாயிறு மாலை 6 மணிக்கு "நாளை கடை இல்லை". திங்களுக்கு ஒன்றுமில்லை.

கடை மூடல் அறிவிப்பை அக்கா திங்கள் காலையில் போட நினைத்தார். அதைப் பார்க்கும்போது ஆள் கடை வாசலில் நின்றுகொண்டிருப்பார். முந்தின நாள் மாலையே தெரிந்தால்தான் ஞாயிறு இரவு ரொட்டி வாங்கி வைத்துக்கொள்வார்கள்.

தாளில் ஏறாத ஒன்று உண்டு. ஞாயிறு காலை சூடான ரொட்டி பெங்காலி எத்தனை மிஞ்சும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. மிச்சம், தீர்ந்தது, இப்போதுதான் எடுத்தோம் என்பதெல்லாம் அந்த நிமிடத்தில் ஸ்டோரியாகப் போக வேண்டியவை. அவற்றைக் குறித்து வைக்கக் கூடாது.

படமும் எழுத்தும்

படங்களை ஞாயிறு காலையே எடுத்து வைக்கச் சொல்லியிருந்தேன். கடை ஜன்னலுக்குப் பக்கத்தில், எட்டு மணிக்கு, குழல்விளக்கை அணைத்துவிட்டு. குழல்விளக்கின் கீழே பன் பச்சை பூத்த மாதிரித் தெரியும். கைப்பேசியை நிமிர்த்திப் பிடித்து, பிறகு நான்குக்கு ஐந்து அளவில் வெட்டினோம். அந்த அளவு இன்ஸ்டாகிராமில் திரையை நன்றாக நிரப்பும்.

எழுத்தில் அக்கா முதலில் எழுதியது: "அனைவருக்கும் இனிய புரட்டாசி வாழ்த்துகள், எங்கள் கடையின் அன்பு வாடிக்கையாளர்களுக்கு..." இன்ஸ்டாகிராம் முதல் ஓரிரு வரிகளைத்தான் காட்டும், மீதியை ஒருவர் தொட்டுத் திறந்தால்தான் தெரியும். வாழ்த்து முன்னே நின்றால் விலை உள்ளே ஒளிந்துகொள்ளும். மாற்றி எழுதினோம்:

"சனிக்கிழமை கேக், முட்டை இல்லை. ஒரு கிலோ 65 வெள்ளி. ஆர்டர் வியாழன் மதியம் 2 மணி வரை, அடுப்பு நிறைந்தால் அதற்கு முன்பே முடியும்."

கீழே அதையே மலாயில் இரண்டு வரி. வாழ்த்து கடைசியில். "வியாழன் 2 மணி வரை" என்று மட்டும் எழுதாமல் "அடுப்பு நிறைந்தால்" என்று சேர்த்தது எத்தனை உதவியாக இருந்தது என்று பின்னால் சொல்கிறேன்.

மலாய் வரியில் அக்கா ஹலால் என்ற சொல்லைச் சேர்க்கப் பார்த்தார். பொருளில் விலக்கப்பட்டது எதுவும் இல்லை என்பது அவருக்குத் தெரியும். ஆனால் மலேசியாவில் ஜாக்கிம் அல்லது மாநில இஸ்லாமியச் சமயத் துறையின் சான்றிதழ் இல்லாமல் அந்தச் சொல்லையோ முத்திரையையோ வியாபாரத்தில் பயன்படுத்துவது சட்டப்படி குற்றம். என்னென்ன சேர்த்திருக்கிறோம் என்று பட்டியலாக எழுதுவதோடு நிறுத்திக்கொண்டோம்.

ஆர்டர் வாட்ஸ்அப்பில் வருவதால் ஒரு இணைப்பு வேண்டும். அது இப்படி அமையும்:

```
https://wa.me/60XXXXXXXXX?text=Kek%20Sabtu
```

`60` மலேசியாவின் குறியீடு. அதற்குப் பின்னால் கைப்பேசி எண்ணை முதல் பூஜ்யம் இல்லாமல் எழுத வேண்டும். கூட்டல் குறி, இடைவெளி, கோடு எதுவும் கூடாது. அக்கா முதலில் `600` என்று தொடங்கிவிட்டார், தொட்டுப் பார்த்தால் அந்த எண்ணே இல்லை என்று வந்தது. `text=` என்பதற்குப் பின்னால் உள்ளது வாடிக்கையாளரின் பெட்டியில் தானாகவே எழுதப்பட்டிருக்கும், அவர் அனுப்பினால் போதும். ஒவ்வொரு பதிவுக்கும் அந்தச் சொல்லை மாற்றி வைத்தால், வரும் செய்தியின் முதல் வரியைப் பார்த்தே எந்தப் பதிவிலிருந்து வந்தார் என்று தெரிந்துவிடும். முகநூல் பதிவில் இந்த இணைப்பு வேலை செய்யும். இன்ஸ்டாகிராம் பதிவின் எழுத்துக்குள் போட்டால் தொட முடியாத வெறும் எழுத்தாகக் கிடக்கும். அங்கே அதைக் கணக்கின் முகப்பில் வைக்க வேண்டும்.

கணினியில் குறித்தது

இந்த வேலைக்கு முகநூலில் கடைக்கென்று ஒரு பக்கம் இருக்க வேண்டும். அக்கா பல ஆண்டுகளாகத் தன் சொந்தப் பெயர்க் கணக்கிலேயே கேக் விற்றுவந்தார், அதில் இந்த வசதி கிடைக்காது. பக்கம் தொடங்கப் பத்து நிமிடம் ஆனது. இன்ஸ்டாகிராம் கணக்கை அமைப்புகளில் போய்த் தொழில்முறைக் கணக்காக மாற்றி, அந்தப் பக்கத்தோடு இணைத்தோம். இரண்டுக்கும் காசு இல்லை.

பிறகு `business.facebook.com` முகவரியில் நுழைந்தோம். மெட்டாவின் இந்த இடத்துக்கு `Meta Business Suite` என்று பெயர். இடப்பக்கம் `Planner` என்று இருப்பதைத் தொட்டால் வாரநாள்காட்டி திறக்கும். `Create post` அழுத்தி, எங்கெங்கே போக வேண்டும் என்ற இடத்தில் முகநூல் பக்கம், இன்ஸ்டாகிராம் இரண்டையும் தேர்ந்தோம். படத்தைச் சேர்த்தோம், எழுத்தை ஒட்டினோம். இரண்டு தளத்துக்கும் தனித்தனி எழுத்து வைக்க ஒரு பொத்தான் இருக்கிறது. அதைத் திறந்து, இன்ஸ்டாகிராமுக்குப் போகும் எழுத்தில் இணைப்பை எடுத்துவிட்டு "முகப்பில் உள்ள இணைப்பைத் தொடுங்கள்" என்று மாற்றினோம். கடைசியாகத் தேதி, நேரம். கணினி இல்லாதவர்கள் இதே பெயரில் உள்ள கைப்பேசிச் செயலியிலும் செய்யலாம், வரிசை இதேதான்.

நேரம் குறிக்கும் இடத்தில் அக்கா "6:15 AM" என்று போட்டு நிமிர்ந்தார். தற்செயலாக என் கண் திரையின் மூலையில் இருந்த கடிகாரத்தின்மேல் விழுந்தது. அதில் 11.40. சுவரில் மாட்டியிருந்த கடிகாரத்தில் 2.10. அக்காவின் மகன் திருச்சியில் படிக்கிறான், விடுமுறைக்கு வந்தவன் தன் பழைய மடிக்கணினியை அம்மாவுக்குக் கொடுத்துவிட்டுப் போயிருந்தான். அது இன்னும் இந்திய நேரத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது. இந்தியாவுக்கும் நமக்கும் இரண்டரை மணி நேரம் வித்தியாசம். அப்படியே விட்டிருந்தால் செவ்வாய்க் காலைப் பதிவு 8.45க்குப் போயிருக்கும். பிறைப் பேருந்து போய் வெகுநேரம் ஆகியிருக்கும்.

கணினியைக் கோலாலம்பூர் நேரத்துக்கு மாற்றி, பக்கத்தை மறுபடி திறந்தோம். அதோடு நம்பிவிடவில்லை. அரை மணி நேரம் கழித்துப் போகுமாறு ஒரு சாதாரணப் படத்தைக் குறித்து, தேநீர் குடித்துக்கொண்டே காத்திருந்தோம். சுவர்க் கடிகாரப்படி சரியான நிமிடத்தில் மாமாவின் கைப்பேசியில் அது வந்தது. முதல்முறை செய்கிற யாரும் இந்தச் சோதனையை விடக்கூடாது. வாரம் முழுவதையும் குறித்த பிறகு நேரம் தப்பு என்று தெரிந்தால் ஆறையும் திருத்த வேண்டும்.

வியாழன் பகல் 12 மணியில் இன்னொரு கண்ணி இருக்கிறது. `12:00 AM` என்பது நள்ளிரவு, பகல் என்றால் `12:00 PM`. குழப்பம் வராமலிருக்க `12:05 PM` என்று வைத்து, குறித்த பிறகு நாள்காட்டியில் அது நாளின் நடுவில் நிற்கிறதா என்று பார்த்தோம்.

ஒவ்வொன்றுக்கும் கடைசியில் `Schedule` அழுத்த வேண்டும். பக்கத்திலேயே வரைவாகச் சேமிக்கும் பொத்தானும் உண்டு. சனிக்கிழமைப் பதிவுக்கு அக்கா அதை அழுத்திவிட்டார். திரையில் எல்லாம் முடிந்த மாதிரிதான் தெரிந்தது, ஆனால் வரைவு தானாகப் போகாது. எல்லாம் முடிந்ததும் `Planner`-இல் வாரத்தை விரித்து, தாளில் உள்ள ஆறும் அங்கே இருக்கின்றனவா என்று விரல் வைத்து எண்ணியபோதுதான் ஐந்தே இருப்பது தெரிந்தது.

பதிவு போன பிறகு யார் பதில் சொல்வது

அக்கா இரவு எட்டரைக்கே படுத்துவிடுவார். புதன் 7.30க்குப் பதிவு போனால் கேள்விகள் எட்டு மணியிலிருந்து பத்து வரை வரும். "இருக்கா?" என்று கேட்டவருக்கு மறுநாள் காலை வரை பதில் இல்லையென்றால் அவர் வேறு இடத்தில் வாங்கிவிடுவார். அதனால் பத்து மணி வரை மாமா கடையின் கைப்பேசியை வைத்துக்கொள்வது என்று முடிவானது. அதற்குப் பின்னால் வரும் செய்திகளுக்கு வாட்ஸ்அப் பிஸினஸில் `Away message` என்ற தானியங்கிப் பதிலை இரவு பத்திலிருந்து காலை ஒன்பது வரை குறித்து வைத்தோம். அதில் எழுதியது: "உங்கள் செய்தி கிடைத்தது. காலை ஒன்பதரைக்குள் வந்த வரிசைப்படி பதில் சொல்கிறோம். முன்பணம் 30 வெள்ளி கட்டிய பிறகே கேக் உறுதி." கடைசி வாக்கியம் முக்கியம். செய்தி அனுப்பியதையே ஆர்டர் என்று நினைத்துச் சனிக்கிழமை வந்து நிற்பவர்கள் உண்டு.

அந்த வாரம் நடந்தது

செவ்வாய்க் காலை ஆறேகாலுக்கு அக்கா பன் தட்டை அடுப்பிலிருந்து இழுத்துக்கொண்டிருந்தார். மேசைமேல் கைப்பேசி அதிர்ந்தது. தன் கடைப் பதிவை வாடிக்கையாளர் மாதிரி அவரே முதல்முறையாகப் பார்த்தார். ஆறரைக்கு நீலச் சட்டை போட்ட இரண்டு பேர் வந்து கைப்பேசியைக் காட்டி "இந்த பன்" என்று கேட்டார்களாம். கையில் மாவோடு எனக்குக் குரல்செய்தி அனுப்பினார்.

புதன் இரவு ஏழு கேக். வியாழன் காலை ஒன்பதரைக்கு அக்கா இரவுச் செய்திகளைத் திறந்தார், பத்தேகாலுக்குள் பன்னிரண்டும் உறுதியாகிவிட்டன. மகிழ்ச்சியில் எல்லாரும் வேலையைப் பார்த்தோம். 12.05க்கு நினைவூட்டல் போனது: "இன்று இரண்டு மணி வரை ஆர்டர் செய்யலாம்." பதினைந்து நிமிடத்தில் ஒன்பது பேர் கேட்டுவிட்டார்கள்.

நாங்கள் செய்திருக்க வேண்டியது சின்ன வேலை. பன்னிரண்டாவது முன்பணம் வந்ததுமே `Planner`-இல் போய் அந்தப் பதிவை நீக்கியிருக்க வேண்டும், அல்லது "இந்த வாரம் நிறைந்தது" என்று எழுத்தை மாற்றியிருக்க வேண்டும். போகாமல் காத்திருக்கும் பதிவை எப்போது வேண்டுமானாலும் திருத்தலாம். ஆனால் அக்காவின் நினைவில் அந்தப் பதிவே இல்லை. திங்களன்று செய்து முடித்த வேலை வியாழனன்று மனத்தில் நிற்காது.

அக்கா ஒளிக்காமல் நடந்ததைச் சொன்னார். புதன்கிழமைப் பதிவில் "அடுப்பு நிறைந்தால் அதற்கு முன்பே முடியும்" என்று இருந்ததால் யாரும் சண்டை போடவில்லை. சனி மதியம் அடுப்பு ஒரு தடவை காலியாக இருக்கும் என்பதால் ஞாயிற்றுக்கிழமை எடுக்கிற மாதிரி நான்கு கேக் தர முடியும் என்றார். நான்கும் போயின. ஐந்து பேருக்கு இல்லை என்று சொல்ல வேண்டியிருந்தது, அதில் ஒருவர் பல ஆண்டு வாடிக்கையாளர். அவருக்கு மட்டும் அக்கா செய்தி அனுப்பாமல் கைப்பேசியில் அழைத்துப் பேசினார்.

சனிக்கிழமை வண்டி நிறுத்தும் பதிவால் வாசலில் நெரிசல் இல்லை. வெள்ளிக்கிழமை கறிபாப் வீடியோவை எதிர்பார்த்ததைவிட அதிகம் பேர் பார்த்தார்கள், ஆனால் அதிலிருந்து ஒரு ஆர்டரும் வரவில்லை. ஞாயிறு மாலை அறிவிப்பைப் பார்த்துவிட்டு நான்கு பேர் கூடுதலாக ரொட்டி வாங்கிப் போனார்கள்.

அடுத்த திங்கள் மறுபடி தாளை எடுத்தோம். பதிவுகள் அதே ஆறு. ஆனால் வியாழன் நினைவூட்டலை இந்த முறை வேண்டுமென்றே வரைவாக மட்டும் வைத்தோம். அக்கா தன் கைப்பேசியில் வியாழன் 11.30க்கு அலாரம் வைத்து, அதற்கு "கேக் எத்தனை?" என்று பெயர் கொடுத்தார். எட்டுக்குக் கீழே இருந்தால் மட்டும் வரைவைத் திறந்து அனுப்புவார். எட்டோ அதற்கு மேலோ ஆகியிருந்தால் மீதி தானாகவே வந்துவிடும் என்று அவர் கணக்கு. முன்பண வரவை எழுத அடுப்புக்குப் பக்கத்துச் சுவரில் பன்னிரண்டு கட்டம் வரைந்து ஒரு அட்டையும் ஒட்டினார். அந்தப் புதன் இரவு பத்து மணிக்கு மாமா படம் எடுத்து அனுப்பினார். ஐந்து கட்டம் நிரம்பியிருந்தது.